ரயில் மாற 17 மணி நேரம்: கிளாக் ரூம், ரிடையரிங் ரூம், வெயிட்டிங் ஹாலில் எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

ஒரு பெரிய ஜங்ஷனில் கிளாக் ரூம் வரிசையில் எனக்கு முன்னால் வயதான தம்பதி நின்றிருந்தார்கள். மகள் வீட்டுக்குப் போகிறார்கள், அடுத்த வண்டி இரவில்தான். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார், "பூட்டு இல்லை" என்று வெளியே தள்ளிவிட்டார். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்கு எங்கே பூட்டுப் போடுவது? அந்தப் பெரியவர் ஓடிப்போய் ஒரு பூட்டு வாங்கி வந்து, அதைக் கயிற்றில் மாட்டிக் காட்டினார். அதையும் வாங்கவில்லை. பகல் முழுக்க அந்த அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார், கழிப்பறைக்குப் போகக்கூட ஒருவர் காவல் இருக்க வேண்டியதாயிற்று. விதிப்படி அந்த ஊழியர் செய்தது சரிதான். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது ஒருவர்கூட இதை அவர்களிடம் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை சுருக்கமாக. ரயில்வே மூன்று வசதி வைத்திருக்கிறது. சாமான் வைக்க கிளாக் ரூம், படுத்து எழ ரிடையரிங் ரூம் (சில இடங்களில் டார்மிட்டரி கட்டிலும் உண்டு), சும்மா உட்கார வெயிட்டிங் ஹால். மூன்றுக்கும் சாவி உங்கள் டிக்கெட்தான். எந்த டிக்கெட், எந்த ஸ்டேஷன், எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் டார்ஜிலிங் பக்கம் போகிறார்கள். விடியற்காலை 5 மணிக்கு ஹவுராவில் இறங்குகிறார்கள், நியூ ஜல்பாய்குரி வண்டி இரவு 10 மணிக்கு சியால்தாவிலிருந்து. டிக்கெட் தனித்தனி, பி.என்.ஆர். இரண்டு, ஸ்லீப்பர் வகுப்பு. நடுவில் 17 மணி நேரம். முதலில் கவனிக்க வேண்டியது, ஊர் கொல்கத்தா ஒன்றுதான், ஸ்டேஷன் இரண்டு. ஹவுரா ஆற்றுக்கு இந்தப் பக்கம், சியால்தா அந்தப் பக்கம். சென்னையில் சென்ட்ரலும் எழும்பூரும் வேறு வேறு என்று நமக்குத் தெரியும், வெளியூர் என்றால் அது மறந்துபோகும். டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் எல்லா இடத்திலும் இதே கதைதான். டிக்கெட்டில் ஊர்ப் பெயரோடு நிறுத்திவிடாமல் ஸ்டேஷன் பெயர் முழுதாக என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள்.

ரிடையரிங் ரூமை ஆன்லைனில் எடுக்க rr.irctctourism.com போக வேண்டும். பி.என்.ஆர். கேட்கும். அங்கேதான் முதல் பொறி. டிக்கெட் கன்ஃபர்ம் அல்லது ஆர்.ஏ.சி. ஆகியிருக்க வேண்டும், வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் கதவு திறக்காது. "எப்படியும் ஆகிடும் சார்" என்று ஏஜென்ட் சொன்னதை அந்தத் தளம் நம்பாது. இரண்டாவது பொறி இதைவிட மோசம். அந்த பி.என்.ஆரில் பயணம் தொடங்கும் ஸ்டேஷன், முடியும் ஸ்டேஷன், இந்த இரண்டில்தான் ரூம் கிடைக்கும். நடுவில் வரும் ஸ்டேஷன் பட்டியலிலேயே இருக்காது. ஒரே நீளமான டிக்கெட்டாக எடுத்துவிட்டு நடுவில் வண்டி மாறுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். காத்திருக்கும் ஊரில் ரூம் வேண்டுமென்றால் அந்த ஊரில் ஒரு பி.என்.ஆர். முடிய வேண்டும் அல்லது தொடங்க வேண்டும்.

நம் தம்பதிக்கு முதல் பி.என்.ஆர். ஹவுராவில் முடிகிறது, இரண்டாவது சியால்தாவில் தொடங்குகிறது. இரண்டுமே கன்ஃபர்ம் என்றால் எந்த இடத்திலும் ரூம் தேடலாம். எங்கே எடுப்பது? களைப்பில் எல்லோரும் இறங்கிய இடத்திலேயே எடுக்கத்தான் நினைப்பார்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள்.

ரூம் பெரும்பாலும் 12 மணி நேரம் அல்லது 24 மணி நேரம் என்ற கட்டத்தில்தான் கிடைக்கும். காலை 8 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8 என்பது வழக்கமான கட்டம். சில ஸ்டேஷன்களில் மணிக்கணக்கிலும் தருகிறார்கள், அது இருந்தால் பதிவு செய்யும் பக்கத்திலேயே தெரியும். நீங்கள் வந்த நேரத்திலிருந்து 12 மணி நேரம் எண்ணுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கடிகாரம் அவர்களுடையது. ஹவுராவில் பகல் கட்டத்தை எடுத்தால் 5 மணியிலிருந்து 8 மணி வரை வெயிட்டிங் ஹால், 8 முதல் 8 வரை ரூம், அதன் பிறகு மாலை நெரிசலின் மிச்சத்தில் மூட்டை முடிச்சோடு சியால்தா போக வேண்டும். வரும் வண்டி ஐந்து மணி நேரம் தாமதமானால் ரூமில் கையில் கிடைப்பது பத்து மணி நேரம்தான். தாமதம் ரயில்வேயுடையதுதான், ஆனாலும் உங்கள் கட்டம் நீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சியால்தாவில் எடுத்தால்? விடிந்ததும் சாமானோடு ஒரே முறை ஆற்றைக் கடக்கிறீர்கள். ஹவுரா ஸ்டேஷனிலிருந்து சியால்தாவுக்கு ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ 2025 ஆகஸ்ட் முதல் நேராகவே போகிறது. விடியற்காலை 5 மணிக்கு மெட்ரோ கிடைக்காது, கொஞ்சம் பொறுக்க வேண்டும், பெரிய பெட்டிகள் இருந்தால் டாக்சிதான் சரி. 8 மணிக்கு ரூம், குளியல், தூக்கம், இரவு 8 மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு அதே ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வண்டி. என் யோசனை எப்போதும் இதுதான், இறங்கிய ஸ்டேஷனை விட்டுவிட்டு ஏறப்போகும் ஸ்டேஷனில் கூடாரம் போடுங்கள். கிளாக் ரூமுக்கும் இதே கணக்கு. ஹவுராவில் பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றினால், மாலையில் அதை எடுக்க மட்டும் திரும்பி வர வேண்டும்.

ஆனால் இரண்டாவது டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் சியால்தா ரூம் ஆன்லைனில் கிடையாது. முதல் பி.என்.ஆரை வைத்து ஹவுரா மட்டும்தான். எனவே இந்த மாதிரிப் பயணத்தில் இரண்டாவது வண்டியின் டிக்கெட்டை முதலில் எடுங்கள், கன்ஃபர்ம் ஆனதைப் பார்த்துவிட்டு முதல் வண்டிக்கு வாருங்கள்.

ரூமுக்குப் போகும்போது பதிவு செய்தவரின் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். மகன் தன் போனில் பதிவு செய்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பான், அதில் பெயர் யாருடையது என்று கிளம்பும் முன்பே பாருங்கள். டிக்கெட்டில் ஒரு எழுத்து, அட்டையில் ஒரு எழுத்து என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைக்குப் பொழுதுபோக்கு நீங்கள்தான். டார்மிட்டரி மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், பல இடங்களில் அது ஆண்களுக்கு மட்டும். கணவன் உள்ளே, மனைவி வெளியே என்ற நிலைமையை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, கிளாக் ரூம். பூட்டு இல்லாத எதுவும் போகாது. ஜிப் பை என்றால் இரண்டு ஜிப்பையும் சேர்த்துச் சின்னப் பூட்டு போதும். சாக்கு, கட்டைப்பை, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி எல்லாம் ஜன்னலில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்தது, அதை நம்பி ஊர் விட்டு ஊர் போக முடியாது. இவற்றை வீட்டிலேயே பூட்டக்கூடிய ஒரு பழைய சூட்கேசுக்குள் மாற்றிவிடுங்கள். கெட்டுப்போகும் சாப்பாட்டையும் வாங்க மாட்டார்கள். பெரிய ஸ்டேஷன்களில் பையை முதலில் ஸ்கேனரில் விட்டு எடுத்துவரச் சொல்வார்கள், அதைச் செய்யாமல் வரிசையில் நின்றால் முன்னால் போனதும் திரும்பி வர வேண்டியதுதான். ஸ்கேனர் எங்கே என்று கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

டிக்கெட் கேட்பார்கள். ரிசர்வ் டிக்கெட் போனில் இருந்தால் பிரச்சினை இல்லை. அன்ரிசர்வ்டு டிக்கெட்டில் வந்தவர்கள்தான் பாவம், இறங்கியதும் வேலை முடிந்தது என்று கசக்கிப் போட்டுவிடுவார்கள். அடுத்த வண்டியில் ஏறும்வரை அது பணம் மாதிரி பத்திரமாக இருக்கட்டும்.

கட்டணம் எவ்வளவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட. 2018-க்கு முன்பு 24 மணி நேரத்துக்கு 15 ரூபாய் என்றிருந்தது, அதற்குப் பிறகு கட்டணத்தை அந்தந்தக் கோட்ட மேலாளரே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். இப்போது பல இடங்களில் கான்ட்ராக்டர் நடத்துகிறார், ஓரிடத்தில் நாள் கணக்கு, ஓரிடத்தில் மணிக்கணக்கு, பை அளவுக்கு ஒரு விலை. கட்டணப் பலகையைப் பாருங்கள், ரசீதில் எத்தனை உருப்படி, எத்தனை மணிக்கு வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பலகைக்கு மேல் கேட்டால் சண்டை போட்டுத் தொண்டை வறள வேண்டாம், ரசீதோடு 139-க்கு அடியுங்கள் அல்லது ரயில் மதத் ஆப்பில் போடுங்கள். போனில் அந்த எண் திரையில் தெரிந்ததுமே தொகை குறைந்ததை ஒருமுறை பார்த்தேன்.

அந்த ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் பெட்டி உங்களுடையதுதான் என்று எழுதிக்கொடுத்து நிரூபிப்பதற்குள் வண்டி போய்விடும். நகை, பணம், லேப்டாப், மாத்திரை, அடுத்த டிக்கெட், அடையாள அட்டை இவற்றில் எதையும் பெட்டிக்குள் விடாதீர்கள். மாத்திரையைச் சும்மா சொல்லவில்லை, மதியம் போட வேண்டிய பிரஷர் மாத்திரை உள்ளே இருக்கிறது, கிளாக் ரூம் ஆள் சாப்பிடப் போய்விட்டார், இது நடக்கும்.

வெயிட்டிங் ஹாலில் வகுப்பு பார்ப்பார்கள். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு இரண்டாம் வகுப்பு ஹால்தான், மேல் வகுப்பு ஹாலின் வாசலில் ரெஜிஸ்டரோடு ஒருவர் இருப்பார், பி.என்.ஆர். எழுதச் சொல்வார். பணம் கட்டி மணிக்கணக்கில் உட்காரும் ஏ.சி. ஹால் இருக்கிறதா என்று விசாரியுங்கள், ரூம் கிடைக்காத அன்று வயதானவர்களுக்கு அதுவே போதும். பெண்களுக்குத் தனி அறை பல ஸ்டேஷன்களில் உண்டு, பலகை கண்ணில் படாத மூலையில் இருக்கும். இரவில் போலீஸ் வந்து எழுப்பினால் அடுத்த வண்டியின் டிக்கெட்டைக் காட்டுங்கள். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

அப்புறம், வண்டி 10 மணிக்கு என்றால் பெட்டி எடுக்க 9:45-க்குப் போகாதீர்கள். இரவு வண்டிகள் வரிசையாகக் கிளம்பும் நேரத்தில்தான் எல்லோரும் அங்கே வருவார்கள், உள்ளே இருப்பது ஒரே ஆள், அவர் ஒவ்வொரு ரசீதாகப் பார்த்து உள்ளே போய்த் தேடி எடுத்து வர வேண்டும். எட்டரைக்கே எடுத்துவிட்டு, பிளாட்பார எண்ணைப் பலகையில் பார்த்த பிறகு உட்காருங்கள்.