இடமிருந்தும் எக்ஸ்போர்ட் பாதியில் நிற்பது ஏன்?

ஃபோனில் 10 ஜிபி காலியாக இருக்கிறது. ஆறு நிமிட வீடியோவை எடிட் செய்து முடித்து எக்ஸ்போர்ட் கொடுக்கிறோம். 40 சதவீதம் தாண்டியதும் 'போதிய இடமில்லை' என்று நின்றுவிடுகிறது. அந்த 10 ஜிபி எங்கே போனது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது.

வீடியோவின் எடையைத் தீர்மானிப்பது பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் பதிவாகிறது என்பது. அதை 7.5-ஆல் பெருக்கினால் ஒரு நிமிட வீடியோ எத்தனை எம்பி என்று தெரிந்துவிடும். 50 மெகாபிட் வேகத்தில் எடுத்த 4கே வீடியோ நிமிடத்துக்கு 375 எம்பி. 20 நிமிடம் எடுத்திருந்தால் கேலரியில் 7.5 ஜிபி. நாம் பார்த்த 10 ஜிபி, இது போக மிச்சம் இருந்தது.

இனி எடிட்டிங். கிளிப்பைச் சேர்க்கும்போது சில ஆப்கள் கேலரியில் இருக்கும் கோப்பையே பயன்படுத்திக்கொள்ளும். சில ஆப்கள் தமக்கென்று ஒரு நகல் எடுத்து வைக்கும். உங்கள் ஆப் எந்த வகை என்று அறிய, கிளிப்பைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் காலியிடத்தைப் பாருங்கள். நகல் எடுக்கும் ஆப் என்றால் இன்னொரு 7.5 ஜிபி போய், மிச்சம் 2.5. டைம்லைன் தடங்காமல் ஓடுவதற்காக ஆப் உருவாக்கும் முன்னோட்டக் கோப்புகள், சிறு படங்கள், ஒலி அலை வரைபடங்கள் எல்லாம் கேஷில் சேரும். அது 1.5 ஜிபி என்று வைத்தால் மிச்சம் 1 ஜிபி. ஆறு நிமிடத்தை அதே தரத்தில் வெளியிட 2.25 ஜிபி வேண்டும். பாதியில் நிற்காமல் என்ன செய்யும்? முதலில் தற்காலிகக் கோப்பாக எழுதி, பிறகு கேலரிக்கு நகலெடுக்கும் ஆப் என்றால் அந்தக் கடைசி நேரத்தில் 4.5 ஜிபி வேண்டும். 99 சதவீதத்தில் வந்து தோற்பது பெரும்பாலும் இதனால்தான்.

எக்ஸ்போர்ட் நிற்பதற்கு இடம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் இடம் காலி செய்துவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். நிற்கும் புள்ளி முன்னே நகர்ந்தால் இடப் பிரச்சினை. அதே இடத்தில் நின்றால் அங்கே இருக்கும் கிளிப்பிலோ எஃபெக்டிலோ கோளாறு.

பலரும் உடனே கேஷை அழிக்கப் போகிறார்கள். தப்பில்லை, அது மறுபடி உருவாகக்கூடியது. ஆனால் ஆண்ட்ராய்டில் Clear cache பக்கத்திலேயே Clear storage அல்லது Clear data என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஆப்புக்குள் இருக்கும் ப்ராஜெக்டுகளும் சேர்ந்து போய்விடும். ஐஃபோனில் ஆப்பை டெலீட் செய்தாலும் இதே கதிதான். அங்கே கேஷை அழிக்கும் வசதியை எடிட்டிங் ஆப்பின் செட்டிங்ஸுக்குள்ளேயே தேட வேண்டும். எப்படியும் நம் கணக்கில் இதனால் கிடைப்பது 1.5 ஜிபி மட்டுமே. அடுத்த முறை ப்ராஜெக்டைத் திறந்தால் அதுவும் திரும்ப நிரம்பும்.

உண்மையான லாபம் எடிட்டிங் தொடங்கும் முன்பே இருக்கிறது. டைம்லைனில் கிளிப்பை வெட்டினால் கோப்பு சிறிதாகாது. ப்ராஜெக்ட் என்பது 'இந்தக் கிளிப்பில் 12-ஆம் நொடி முதல் 19 வரை காட்டு' என்பது போன்ற குறிப்புகள்தான். முழுக் கிளிப்பும் அப்படியே கிடக்கும். ஆகவே கேலரியிலேயே ஒவ்வொரு கிளிப்பாகத் தேவையான பகுதியை வெட்டி, புதிய கிளிப்பாகச் சேமியுங்கள். ஐஃபோனில் Save Video கொடுத்தால் பழைய முழு வீடியோவும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். Save Video as New Clip கொடுத்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். டிரான்சிஷனுக்கு இடம் வேண்டுமே, இரு முனையிலும் இரண்டு நொடி கூடுதலாக விடுங்கள். கடைசியில் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். ஐஃபோனில் Recently Deleted-இல் போனவை 30 நாள் வரை இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

20 நிமிடத்தை இப்படி 9 நிமிடமாக்கினால் கேலரியில் 3.4 ஜிபி, காலியிடம் 14 ஜிபிக்கு மேல். ஆப் நகலெடுத்தபின்னும் 10 ஜிபிக்கு மேல் மிஞ்சும். கேஷுக்கும் 4கே எக்ஸ்போர்ட்டுக்கும் அது தாராளம்.

ஏற்கெனவே எடிட்டிங் முடிந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வழி: 1080பி, 12 மெகாபிட். நிமிடத்துக்கு 90 எம்பி, ஆறு நிமிடத்துக்கு 540 எம்பி. இரட்டிப்பாக எழுதினாலும் 1.1 ஜிபிக்குள் முடிந்துவிடும். நம்மிடம் இருப்பது 1 ஜிபி. அதனால் இந்த வழியில் போனாலும் கேஷை முதலில் அழித்துவிடுவது நல்லது.

எக்ஸ்போர்ட் ஆன கோப்பைக் கேலரியில் கடைசி நொடி வரை ஓட்டிப் பார்த்த பிறகே மூலக் கிளிப்புகளில் கை வையுங்கள். கேலரிக் கோப்பையே பயன்படுத்தும் ஆப் என்றால், கிளிப் போனதும் டைம்லைனில் அந்த இடம் காலியாகிவிடும். திருத்தி மறுபடி வெளியிட முடியாது. பின்னால் வேண்டியிருக்கும் என்று தோன்றினால் அழிக்கும் முன் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். பென் டிரைவ் FAT32 முறையில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. பெரிய கிளிப்புகளுக்கு exFAT வேண்டும்.