காலையில் தெரிகிற சிவப்பு மூடி சாயங்காலம் ஏன் காணாமல் போகிறது?

"அண்ணா, காலைல முழுக்கச் சரியா எண்ணுச்சு. ஆறு மணிக்கு மேல ஒரு மூடிகூட அதுக்குத் தெரியலை. நான் புரோகிராம்ல கையே வைக்கலை."

இந்த வருடத்தில் இதே மாதிரி வந்த நான்காவது போன் இது. இடம் ஒரு சின்ன பாட்டில் நிரப்பும் கூடம். கன்வேயர் பெல்ட்டில் சிவப்பு மூடி போட்ட பாட்டில்கள் போகும். மேலே ஒரு சாதாரண யுஎஸ்பி கேமரா. மூடியைப் பின்தொடர்ந்து, அது ஒரு கோட்டைத் தாண்டும்போது எண்ண வேண்டும். படத்தை அலசும் ஓபன்சிவி நிரல் தொகுப்பு தெரிந்தவருக்கு ஒரு நாள் வேலை. அந்தத் தம்பியும் ஒரே நாளில் முடித்திருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். முக்கியமான இரண்டு வரிகள் இவைதான். முதல் வரி நிறத்தை ஹெச்எஸ்விக்கு மாற்றும், இரண்டாவது வரி கொடுத்த வரம்புக்குள் விழுகிற பிக்சலை மட்டும் வெள்ளையாக்கி ஒரு மாஸ்க் தரும்:

```python
hsv = cv2.cvtColor(frame, cv2.COLOR_BGR2HSV)
mask = cv2.inRange(hsv, (170, 100, 100), (179, 255, 255))
```

"வரம்பை எந்த வெளிச்சத்தில் வைத்து எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "ஹெச்எஸ்விக்கு மாத்திட்டேனே அண்ணா, அதுல வெளிச்சம் தனியாப் பிரிஞ்சிடுமே" என்றார்.

இந்த ஒரு நம்பிக்கைதான் நான் போகிற இடமெல்லாம் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு பிக்சலின் நிறத்தை ஹியூ என்கிற நிறச்சாயல், சாச்சுரேஷன் என்கிற நிறச்செறிவு, வேல்யூ என்கிற பிரகாசம் என்று மூன்று எண்களாகச் சொல்வதுதான் ஹெச்எஸ்வி. ஹெச்எஸ்விக்கு மாற்றிவிட்டால் வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். 1978-ல் அல்வி ரே ஸ்மித் இந்த முறையை வெளியிட்டது கணினி வரைகலைக்காக. திரையில் படம் வரைபவர் தனக்கு வேண்டிய நிறத்தை எளிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். வெளிச்சத்தின் விளைவை நீக்குவதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். அன்றைக்கு அந்தத் தம்பியிடம் தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் மூடியின் ஒரு பிக்சல் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 50 என்று வைத்துக்கொள்வோம். இதை மாற்றினால் ஹியூ 178, சாச்சுரேஷன் 204, வேல்யூ 200. இப்போது மேகம் மறைத்து மூன்று எண்களும் பாதியாகின்றன: 100, 20, 25. ஹியூ அதே 178, சாச்சுரேஷன் அதே 204, வேல்யூ மட்டும் 100. எல்லோரும் சொல்கிற அந்த நல்ல குணம் இதுதான். மூன்று நிறமும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஹியூ அசையாது.

சாயங்காலம் அந்தக் கூடத்தில் மஞ்சள் பல்பு போடுகிறார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் குறைவு. சிவப்பும் பச்சையும் அப்படியே இருக்க, நீலம் மட்டும் பாதியாகிறது என்று வைப்போம்: 200, 40, 25. இப்போது ஹியூ 3! காலையில் 178, சாயங்காலம் 3. வேல்யூ கொஞ்சமும் மாறவில்லை, மூடியும் கண்ணுக்கு அதே சிவப்புதான். ஆனால் 170-லிருந்து 179 வரை மட்டும் பார்க்கிற நிரலுக்கு அது இல்லவே இல்லை. வெளிச்சத்தின் அளவு மாறினால் ஹியூ தாங்கும், வெளிச்சத்தின் நிறம் மாறினால் தாங்காது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இத்தனை போன் வருகிறது.

அளவு மாறினாலும் உங்கள் வரம்பு தாங்கும் என்று அர்த்தமில்லை. மேலே மேகம் மறைத்த பிக்சலின் வேல்யூ சரியாக 100. வரம்பின் கீழ் எல்லையும் 100. இன்னும் கொஞ்சம் இருட்டினால் ஹியூ சரியாக இருந்தும் மூடி போய்விடும்.

சிவப்பு மட்டும் ஏன் இப்படி முனைக்கு முனை தாவுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹியூ ஒரு வட்டம். ஓபன்சிவி எட்டு பிட்டுக்குள் அடக்குவதற்காக 360 டிகிரியைப் பாதியாக்கி 0 முதல் 179 வரை வைத்திருக்கிறது. 179-க்கு அடுத்தது 0. சிவப்பு சரியாக அந்தத் தையலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இணையத்தில் நிறம் தேர்வு செய்யும் பக்கத்திலிருந்து 356, 80, 78 என்று எடுத்து அப்படியே போடுகிறவர்களும் இதைக் கவனியுங்கள். அங்கே ஹியூ 360 வரை, மற்ற இரண்டும் நூற்றுக்கு. இங்கே ஹியூவைப் பாதியாக்கி, மற்ற இரண்டையும் 2.55-ஆல் பெருக்க வேண்டும்.

சிவப்புக்கு இரண்டு மாஸ்க் எடுத்து `bitwise_or` போடலாம், அது சரியான வழிதான். நான் ஹியூவை 90 நகர்த்திவிடுவேன். சிவப்பு நடுவில் வந்துவிடும், வரம்பு ஒன்று போதும், அளந்து பார்ப்பதும் எளிது.

```python
h = hsv[..., 0].astype(np.int16)
hsv[..., 0] = ((h + 90) % 180).astype(np.uint8)
```

`astype(np.int16)` தேவையில்லை என்று எடுத்துவிடாதீர்கள். எட்டு பிட்டில் 179-உடன் 90-ஐக் கூட்டினால் 269 வராது, 256 போக 13 வரும். வர வேண்டியது 89. பிழைச் செய்தி எதுவும் வராது, மாஸ்க் மட்டும் பாதி காலியாக இருக்கும்.

இன்னொன்று. மங்கலாக்க வேண்டுமென்றால் `GaussianBlur`-ஐ ஹெச்எஸ்விக்கு மாற்றுவதற்கு முன் போடுங்கள். மாற்றிய பிறகு போட்டால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற 178-ம் 2-ம் சேர்ந்து சராசரி 90 ஆகும். இரண்டு சிவப்புப் பிக்சல்களின் நடுவில் வான நீலத்தைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள்.

சரி, சாயங்காலம் தெரியவில்லை என்றதும் எல்லோரும் முதலில் செய்வது என்ன? சாச்சுரேஷனையும் வேல்யூவையும் ஸ்லைடரில் பூஜ்யம் வரை இறக்குவது. இவரும் செய்திருந்தார். மாஸ்க் முழுக்க வெள்ளைப் புள்ளியாக மின்னியது, உடனே கேமரா சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார். கேமரா மேல் தப்பில்லை. பெல்ட்டின் நிழலில் ஒரு கறுப்புப் பிக்சல் சிவப்பு 24, பச்சை 22, நீலம் 20 என்றால் ஹியூ 15. அடுத்த ஃபிரேமில் சென்சார் இரைச்சலால் சிவப்பும் பச்சையும் இரண்டே எண் இடம் மாறி 22, 24, 20 ஆனால் ஹியூ 45. ஆரஞ்சு, பச்சை கலந்த மஞ்சளாகிவிட்டது, கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. மூன்று எண்களும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்போது ஹியூ வெறும் குலுக்கல். அதை நம்பக்கூடாது என்று சொல்வதற்காகத்தான் மற்ற இரண்டு கீழ் எல்லைகளும் இருக்கின்றன. அவற்றைப் பூஜ்யமாக்காதீர்கள்.

அங்கே இன்னொரு காரணமும் இருந்தது. பெல்ட்டை நிறுத்தி, ஒரு மூடியை கேமராவின் கீழ் வைத்து, அதன் நடுவில் ஒரு சின்னச் சதுரத்தின் ஹியூவைத் திரையில் ஓடவிட்டோம். 177, 177, 178. பிறகு மூடியைத் தொடாமல், பக்கத்தில் கிடந்த நீல டிரேயை ஃபிரேமுக்குள் தள்ளினேன். இரண்டு மூன்று விநாடியில் எண் 1, 2 என்று நகர்ந்துவிட்டது. விளக்கு மாறவில்லை, மூடி அசையவில்லை. கேமராவின் தானியங்கி வெண்சமநிலை, படத்தில் நீலம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து அதைக் குறைத்துவிட்டது. தம்பி ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரம்பைத் தொடுவதற்கு முன் கேமராவைப் பூட்டுங்கள். லினக்ஸில் இப்படி:

```
v4l2-ctl -d /dev/video0 --list-ctrls
v4l2-ctl -d /dev/video0 -c white_balance_automatic=0
v4l2-ctl -d /dev/video0 -c auto_exposure=1
```

பல யுஎஸ்பி கேமராக்களில் `auto_exposure` 1 என்றால் கைமுறை என்று பொருள். பழைய கெர்னலில் இந்தப் பெயர்கள் வேறு மாதிரி இருக்கும், அதனால்தான் முதல் வரி. பூட்டியபின் நிற வெப்பநிலையையும் எக்ஸ்போஷரையும் நீங்களே ஒரு எண்ணில் வையுங்கள். மறுபடி கேமராவைக் கழற்றி மாட்டினால் இது அழிந்துபோகும், எனவே நிரல் தொடங்கும்போதே ஓடுமாறு செய்துவிடுங்கள். பெல்ட்டுக்கு மேல் ஒரு வெள்ளை எல்இடி பட்டையை மாட்டி, பகலிலும் அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நிரலில் செய்த எந்தத் திருத்தத்தையும்விட அங்கே அதிகம் உதவியது அந்தப் பட்டைதான்.

அப்புறம்தான் அளந்தோம். காலையில், மதியத்தில், விளக்கு போட்டபின் என்று மூன்று நேரமும் வீடியோ எடுத்து, மூடிகளின் மேல் சதுரம் வரைந்து, இரண்டு ஓரத்திலும் 5 சதவீதத்தை விட்டுவிட்டு மீதியைப் பார்த்தோம்.

```python
roi = hsv[y:y+hh, x:x+w].reshape(-1, 3)
print(np.percentile(roi, [5, 95], axis=0))
```

நகர்த்திய ஹியூவில் மூடி 85 முதல் 94 வரை வந்தது, 80 முதல் 99 வரை என்று வைத்தோம். வேலை செய்கிறவர் கையும் அந்த ஹியூவுக்குள் வந்துவிட்டது. கையின் சாச்சுரேஷன் 130-ஐத் தாண்டவில்லை, மூடி 150-க்குக் கீழே இறங்கவில்லை. 140-ல் வெட்டினோம். வேல்யூவின் கீழ் எல்லை 60. தேவையில்லாததையும் அளக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். பொருளை மட்டும் அளந்தால் எங்கே வெட்டுவது என்று தெரியவே தெரியாது.

பளபளப்பான மூடியில் விளக்கு பட்ட இடம் வெள்ளையாகி, மாஸ்க்கில் ஓட்டை விழும். அதற்காக வரம்பைத் தளர்த்தாதீர்கள். `findContours`-ல் `RETR_EXTERNAL` கொடுத்தால் வெளிக்கோடு மட்டும் வரும், உள்ளே இருக்கிற ஓட்டை பொருட்டில்லை. ஓரத்தைக் கடித்திருந்தால் ஒரு `MORPH_CLOSE` போடுங்கள்.

மறுநாள் இரவு ஷிஃப்ட்டிலும் எண்ணிக்கை சரியாக வந்தது. ஒரே ஒரு இடத்தில் இரண்டு கூடியது. வீடியோவைப் பார்த்தால், சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் பாட்டிலை நேராக்கக் கையை நீட்டியிருக்கிறார். சட்டைத் துணியின் நிறம் மூடியின் வரம்புக்குள் அப்படியே விழுந்தது. ஹியூவை இறுக்கட்டுமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு பொருளுக்கும் ஒரே நிறம் என்றால் எந்த வரம்பும் பிரிக்காது. பெல்ட்டின் அகலத்துக்கு மட்டும் ஃபிரேமை வெட்டி, மூடியின் பரப்பைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வருவதை விட்டுவிடச் சொன்னேன். சட்டைக் கை அதில் கழிந்துவிட்டது.