உபகாரச் சம்பள விண்ணப்பத்தில் கஷ்டத்தை எழுதும் விதம்

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பல வீடுகளில் ஒரே பதற்றம்: உபகாரச் சம்பளப் பாரத்தில் 'உங்களைப் பற்றி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? நம் பிள்ளைகள் பெரும்பாலும் 'நான் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன்' என்றே தொடங்குகிறார்கள். மலாயில் எழுதினாலும் அதே 'கெலுவார்கா சூசா'தான். பொய்யில்லை. ஆனால் அந்த வரி புதிதாக எதையும் சொல்வதில்லை. குடும்ப வருமானத்தைச் சம்பளச் சீட்டும் பாரத்தின் வருமானப் பகுதியும் ஏற்கெனவே காட்டிவிடுகின்றன. அந்த வருமானத்தோடு இந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதைச் சொல்ல இந்தக் கட்டம் ஒன்றுதான் இருக்கிறது.

பிறையில் வசிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் இத்தகைய விண்ணப்பங்கள் நிறைய வரும். அப்பா லாரி ஓட்டுநர், முதுகில் அடிபட்டு வேலையை விட்டவர். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். அவள் முதலில் எழுதியது இது:

'அப்பாவின் விபத்தால் எங்கள் வாழ்க்கையே இருண்டது. சொல்ல முடியாத துன்பங்களை அனுபவித்தேன். இந்த உதவி கிடைத்தால்தான் எங்கள் குடும்பத்துக்கு விடிவு காலம் பிறக்கும்.'

ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் விபத்து செய்கிறது, அடுத்து அவள் அனுபவிக்கிறாள், கடைசியில் உபகாரச் சம்பளம் காப்பாற்றுகிறது. அவள் செய்த காரியம் ஒன்றுகூட இல்லை. இரக்கம் கேட்பது போன்ற தொனி வருவது இதனால்தான். கண்ணீரைக் குறைத்து எழுதினால் மட்டும் அது போகாது, வினைச்சொற்கள் அவளுடையதாக மாற வேண்டும்.

'துன்பம்', 'இருள்' போன்ற சொற்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் எப்போது, என்ன, எவ்வளவு என்று அவளிடம் கேட்டால் இப்படி வரும்:

'நான் படிவம் நான்கில் இருந்தபோது அப்பா அடிபட்டு லாரி ஓட்டுவதை நிறுத்தினார். அம்மா இரவு ஷிப்டுக்கு மாறியதால் இரவுச் சமையலையும் தம்பியின் பள்ளிப் பாடத்தையும் நான் ஏற்றேன். அந்த ஆண்டு கூடுதல் கணிதத்தில் 41 மதிப்பெண்ணே பெற்றேன். அதன்பின் தம்பி எழும் முன், விடியற்காலை நான்கரையிலிருந்து ஆறு வரை படித்தேன். சனிக்கிழமைகளில் இரு தோழிகளோடு பழைய தேர்வுத் தாள்களைச் செய்தேன். எஸ்.பி.எம்.மில் அதே பாடத்தில் ஏ மைனஸ் பெற்றேன்.'

அந்த 41-ஐ மறைக்க வேண்டும் என்றுதான் பெற்றோர் பலருக்கும் தோன்றும். மறைக்காதீர்கள். மதிப்பெண் இறங்கியதும் ஏறியதும் இரண்டும் இருந்தால்தான் இடையில் அவள் போட்ட உழைப்பு தெரியும். பாரம் 200 சொற்கள் கேட்டால், நடந்ததைச் சொல்ல 40 போதும். அதைச் சமாளித்த விதத்துக்கு 80, மேற்படிப்புக்கும் அதன் காரணத்துக்கும் மீதி. கஷ்டமே பாதி இடத்தை எடுத்துக்கொண்டால் இலட்சியம் ஒரு வரியில் அவசரமாக முடிந்துபோகும்.

இலட்சியத்தில் வேறு வகைத் தவறு நடக்கிறது. 'மருத்துவராகி ஏழைகளுக்கு இலவசமாகச் சேவை செய்வேன்' என்று எழுதினால், நேர்முகத் தேர்வில் அடுத்த கேள்விக்கே பிள்ளை திணறும். மேலே சொன்ன மாணவியிடம் நல்ல பதில் இருக்கிறது. அப்பாவை அரசு மருத்துவமனையின் பிசியோ பிரிவுக்கு அழைத்துப் போனவள் அவள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை நோட்டில் எழுதி வைத்து நாள்தோறும் செய்ய வைத்தவளும் அவளே. ஆகவே, 'இயன்முறை சிகிச்சை படித்து, பெர்கேசோவின் வேலைக்குத் திரும்பும் திட்டத்தில் வருபவர்களைப் போன்ற தொழிலாளர்களோடு பணியாற்ற விரும்புகிறேன்' என்று எழுதலாம். சிறிய இலட்சியம்போல் தெரியும். ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளால் அரை மணி நேரம் பேச முடியும்.

எண்களில் கவனம் வேண்டும். பாரத்தின் வருமானப் பகுதியில் அம்மாவின் அடிப்படைச் சம்பளத்தையும் 'உங்களைப் பற்றி' என்ற குறிப்பில் ஓவர்டைமோடு சேர்ந்த தொகையையும் போட்டால், இரண்டும் உண்மையாக இருந்தும் பொய்போல் தெரியும். குறிப்பில் ரிங்கிட் கணக்கே வேண்டாம்.

அப்பாவின் குடி, பெற்றோரின் பிரிவு போன்றவற்றை எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். 'வீட்டுச் செலவு முழுவதும் அம்மாவின் சம்பளத்தில் நடந்தது' என்பதே உண்மை, அதுவே போதும். அதற்கு மேல் எழுதுவதென்றால், அனுப்பும் முன் அந்த வரியை வீட்டில் உரியவரிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள். முன்பின் தெரியாத நான்கைந்து பேர் படிக்கப்போவது அவருடைய வாழ்க்கையையும்தான்.