பெட்டி கட்டும் முன் அந்த ஓடரை முழுதாக வாசியுங்கள்

தேயிலை, மிளகு, ஏலம் என்று சிறு அளவில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஹட்டனில் உள்ள என் சட்ட அலுவலகத்துக்கு வரும்போது, கோப்புக்குள் பெரும்பாலும் இரண்டே கடதாசிகள் இருக்கும். ஒன்று அவர்கள் அனுப்பிய புரோஃபோமா இன்வாய்ஸ். மற்றது வாங்குகிறவர் பதிலுக்கு அனுப்பிய பர்ச்சேஸ் ஓடர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. போன மாதமும் அப்படி ஒருவர் வந்தார். இந்த வருடத்தில் அவர் நான்காவது ஆள். இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வந்தவர் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்தவர். தேயிலையை வாங்கி, தன் கொட்டகையில் தானே பொதி செய்து அனுப்புகிறார். ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றிச் சொல்கிறேன். மார்ச் 4 அன்று அவர் ஹம்பேர்க்கில் உள்ள ஒரு கொம்பனிக்கு இன்வாய்ஸ் அனுப்பினார். 800 கிலோ ஓ.பி.1 தேயிலை, கிலோ 11 டொலர், எஃப்.ஓ.பி. கொழும்பு. மொத்தம் 8,800 டொலர். நூற்றுக்கு 30 முற்பணம், அதாவது 2,640. மீதி 6,160 டொலரை, சரக்கு கப்பல் ஏறியதற்கான பத்திரமான பில் ஒஃப் லேடிங்கின் பிரதி கிடைத்ததும் அனுப்ப வேண்டும். விலை மார்ச் 18 வரை மாறாது.

மார்ச் 10 அன்று பதில் வந்தது. ‘உங்கள் விலையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம், ஓடரை இணைத்திருக்கிறோம்’ என்று மெயில் சொன்னது. ஓடரில் நிறையும் விலையும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே, அதே முதல் பக்கத்தில், மூன்று வரிகள். சரக்கு ஹம்பேர்க் வந்து 60 நாட்களில் பணம் தருவோம். ஜேர்மன் சட்டம் பொருந்தும். பிணக்கு வந்தால் ஹம்பேர்க் நீதிமன்றம். கடைசியில் விற்பவர் கையெழுத்து வைக்க ஒரு கட்டம்.

அவர் அந்தக் கட்டத்தில் கையெழுத்து வைக்கவில்லை. பதிலும் எழுதவில்லை. முற்பணம் வரவில்லை; நல்ல ஆட்கள்தானே, வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். மார்ச் 29 அன்று சரக்கு கப்பல் ஏறியது. துறைமுகத்தில் தேங்கினால் வாடகை ஏறும் என்று ஹம்பேர்க்காரர்கள் அவசரப்படுத்த, பில் ஒஃப் லேடிங்கின் மூலப் பிரதியையும் கூரியரில் அனுப்பிவிட்டார். மே 6இல் சரக்கு போய்ச் சேர்ந்தது. ஜூலை 2இல், அதாவது 57ஆம் நாள், ஒரு மெயில் வந்தது. இலை அதிகம் உடைந்திருக்கிறதாம். நூற்றுக்கு 25 கழித்து 6,600 டொலர்தான் தருவோம் என்றார்கள்.

“நான் கையெழுத்தே வைக்கலையே மிஸ். அவங்க கடதாசி எப்படி என்னைக் கட்டும்? என்னோட இன்வாய்ஸ்தானே ஒப்பந்தம்?”

இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! காணி உறுதி எழுதிப் பழகியவர்கள் நாம். நொத்தாரிசு, இரண்டு சாட்சி, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. அதே கண்ணோடு ஏற்றுமதியையும் பார்க்கிறோம். இரண்டும் வேறு.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்ப்போம். சரக்கு விற்பனை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 1980இல் வியன்னாவில் நிறைவேறியது, 1988இல் நடைமுறைக்கு வந்தது. வேறு வேறு நாட்டு வியாபாரிகளுக்கு இடையில் ஒப்பந்தம் எப்படி, எப்போது உருவாகிறது என்பதற்கு அது ஒரே விதியை வைக்கிறது. இலங்கை அதில் சேரவில்லை. ‘நாம் சேரவில்லை, அப்போது நமக்கு என்ன?’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஜேர்மனி சேர்ந்திருக்கிறது. ஒப்பந்தத்துக்குரிய சட்டம் ஜேர்மன் சட்டம் என்று வந்துவிட்டால், வெளிநாட்டு விற்பனைக்கு ஜேர்மன் சட்டம் என்றாலே இந்தச் சமவாயம்தான். வேண்டாம் என்றால் அதைத் தெளிவாக விலக்கி எழுத வேண்டும். ‘ஜேர்மன் சட்டம் பொருந்தும்’ என்று மட்டும் எழுதினால் அது விலக்கியதாகாது என்பதில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் உறுதியாக இருக்கிறது.

அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் கதை வேறு. சட்டம் எது என்று இருவரும் சொல்லாதபோது, ஐரோப்பிய விதி பொதுவாக விற்பவரின் நாட்டுச் சட்டத்தைப் பார்க்கும். அப்போது நம்முடைய 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வந்திருக்கும். அந்த வரி ஒப்பந்தத்துக்குள் புகுந்ததா என்பதையும் அந்த வரி சொல்லும் சட்டத்தை வைத்தே ஜேர்மன் நீதிமன்றம் பார்க்கும். நீதிமன்றத்தைப் பற்றிய வரிக்கு ஐரோப்பாவில் தனி விதி உண்டு. அதை இங்கே இழுக்கவில்லை.

சரி, கையெழுத்துக்கு வருவோம். சமவாயத்தின் 11ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை என்று நேராகவே சொல்கிறது. வாய்ப்பேச்சு போதும், மெயில் போதும், வட்ஸ்அப் குரல் பதிவும் போதும். (ரஷ்யா போன்ற சில நாடுகள் எழுத்து வேண்டும் என்று தனியாக அறிவித்திருக்கின்றன. அங்கே அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும்.) இன்ன சரக்கு, இவ்வளவு நிறை, இன்ன விலை என்று சொல்லி, மறுபக்கம் சரி என்றால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று தெரியும்படி ஒருவருக்கு அனுப்பினால் அது முன்மொழிவு. அவர் மார்ச் 4இல் அனுப்பியது அதுதான். அதுவும் ‘மார்ச் 18 வரை’ என்று நாள் போட்டிருந்தார். நாள் போட்டுவிட்டால், இடையில் தேயிலை ஏலத்தில் விலை ஏறினாலும், வாங்குகிறவர் மறுக்காதவரை முன்மொழிவைத் திரும்பப் பெற முடியாது.

வாங்குகிறவரின் ‘சரி’ நம்மிடம் வந்து சேரும் கணத்தில் ஒப்பந்தம் பிறக்கிறது. ஆனால் அந்தச் ‘சரி’ முழுச் சரியாக இருக்க வேண்டும். ‘ஏற்கிறோம், ஆனால்’ என்று வந்தால் அது ஏற்பு அல்ல. 19ஆம் பிரிவின்படி அது நம் முன்மொழிவைத் தள்ளிவிட்டு அவர்கள் வைக்கும் புதிய முன்மொழிவு. லேபலின் நிறம் மாதிரிச் சின்ன மாற்றம் என்றால் பரவாயில்லை. நாம் உடனே மறுக்காவிட்டால் அந்த மாற்றத்தோடு ஒப்பந்தம் உருவாகிவிடும். விலை, பணம் தரும் முறை, தரம், நிறை, ஒப்படைக்கும் இடமும் காலமும், பொறுப்பின் அளவு, பிணக்கைத் தீர்க்கும் வழி ஆகியவற்றைத் தொட்டால் அது பெரிய மாற்றம் என்று சமவாயமே பெயர் சொல்லி வைத்திருக்கிறது. ஹம்பேர்க் ஓடர் பணம் தரும் முறையை மாற்றியது, பிணக்கு வழியையும் புதிதாகச் சேர்த்தது. மகிழ்ச்சியோடு ஏற்கிறோம் என்று மெயிலில் எழுதியது இதை மாற்றாது.

ஆகவே மார்ச் 10 மாலையில் ஒப்பந்தமே இல்லை. பந்து அவர் கையில் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் மௌனம் மட்டும் சம்மதம் ஆகாது. ஆனால் அவர் மௌனமாக மட்டும் இருக்கவில்லை. சரக்கை ஏற்றி அனுப்பினார். ஓடரைப் பெற்றுக்கொண்டு, மறுப்பு எழுதாமல், அந்த ஓடரின் எண்ணையே பெட்டியில் ஒட்டி அனுப்பினால், செயலால் ஏற்றுக்கொண்டார் என்றுதான் எந்த நீதிபதியும் வாசிப்பார். அவர் கையெழுத்தைக் கடதாசியில் தேட வேண்டியதில்லை. 800 கிலோ தேயிலை கப்பல் ஏறியதே அவருடைய கையெழுத்து. 60 நாள் தவணையும் ஜேர்மன் சட்டமும் அப்படித்தான் அவர் தலையில் வந்தன.

எஃப்.ஓ.பி. என்று போட்டிருக்கிறோமே, அது காப்பாற்றாதா என்று கேட்கிறார்கள். காப்பாற்றாது. சரக்கு எங்கே ஒப்படைக்கப்படுகிறது, செலவும் ஆபத்தும் எங்கே கைமாறுகின்றன என்பதைத்தான் அது சொல்லும். ஒப்பந்தம் உண்டா இல்லையா, பணம் எப்போது வரும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சமவாயம் வாங்குகிறவரையும் கட்டுகிறது என்பதை அவருக்குச் சொன்னேன். சரக்கு வந்ததும், சூழ்நிலை அனுமதிக்கும் அளவு விரைவாக, வாங்குகிறவர் சோதிக்க வேண்டும். குறை இருந்தால் என்ன குறை என்று குறிப்பிட்டு நியாயமான காலத்துக்குள் அறிவிக்க வேண்டும். தவறினால் அந்தக் குறையைச் சொல்லிக் கழிக்கும் உரிமை போகும். நியாயமான காலம் இத்தனை நாள் என்று எழுதியில்லை. ஜேர்மன் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏறக்குறைய ஒரு மாதத்தை அளவாக வைத்துப் பார்த்திருக்கின்றன. இலை உடைந்திருப்பது பெட்டியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். அதை 57ஆம் நாள் சொன்னால் எப்படி? இதைப் பிரிவு எண்களோடு எழுதி அனுப்பினோம். மூன்று வாரத்தில் 8,500 டொலர் வந்தது. அவர் ஒத்துக்கொண்டார். வங்கியில் எடுத்த மேலதிகப் பற்றுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் கட்டிய வட்டி மட்டும் அவர் தலையிலேயே நின்றது.

இப்போது செய்ய வேண்டியது. ஓடர் வந்த அன்றே உங்கள் இன்வாய்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி விரலை வைத்து வாசியுங்கள். மெயிலில் உள்ள இனிப்பான வசனத்தை வாசித்துவிட்டு மூடாதீர்கள். ‘எங்கள் பொது நிபந்தனைகள் பொருந்தும்’ என்று ஒரு வரி இருந்து, அந்த நிபந்தனைகள் இணைக்கப்படாவிட்டால், அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வெறும் குறிப்பு போதாது, வாசகத்தையே மறுபக்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று 2001இல் ஜேர்மன் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்கவும் வேண்டாம்.

பிடிக்காத வரி இருந்தால், கட்டத்தை வெறுமையாக விடுவது மறுப்பு ஆகாது. மெயில் எழுதுங்கள். மூன்று வசனம் போதும். 60 நாள் தவணையை ஏற்கவில்லை. எங்கள் மார்ச் 4 இன்வாய்ஸின்படி முற்பணம் வந்த பிறகே பொதி செய்வோம். இதை ஏற்று எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வரும்வரை ஒரு பெட்டிகூட கொட்டகையை விட்டு நகரக் கூடாது. முற்பணம் வரவில்லை என்றால், அவர்கள் உங்கள் நிபந்தனையை ஏற்கவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் வேண்டுமா? வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறீர்கள். கேட்டால் கோபிக்கிற வாடிக்கையாளரிடம் 800 கிலோவைக் கடனுக்குக் கொடுக்கப் போகிறீர்களா?

இன்வாய்ஸ் தயாரிக்கும்போதே உங்கள் சட்டம் எது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், என்னிடம்தான் என்றில்லை. தயவு செய்து அந்த இரண்டு கடதாசிகளையும் சரக்கு கப்பல் ஏறும் முன்பு கொண்டு வாருங்கள்.