கீழ்த்தள வாகன நிறுத்துமிடமும் இரவல் வெளிச்சமும்

கணினியில் வரைந்த ஒரு கீழ்த்தள வாகன நிறுத்துமிடம் உண்மையானதாகத் தோன்றுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதில் நிற்கும் கார்கள் அல்ல; விளக்கின் ஒளி நேரடியாக எட்டாத இடங்கள்தாம். சூரியனோ வானமோ இல்லாத அந்தக் கூடத்தில் கூரை, குழாய்களின் அடிப்புறம், தூணின் பின்பக்கம் ஆகிய அனைத்தும் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒளியாலேயே கண்ணுக்குத் தெரிகின்றன. அந்தத் திரும்பும் ஒளியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் கூரை கரிய துணிபோல் ஆகிவிடும். அதற்கு ஈடாக எல்லா இடத்துக்கும் சமமான பொது வெளிச்சம் ஒன்றைக் கலந்துவிட்டாலோ தூண்கள் ஒட்டி வைத்த அட்டைகளாகத் தெரியும்.

ஒரு மாதிரிக் கூடத்தை வைத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு காருக்கு அகலம் 2.5 மீட்டரும் நீளம் 5 மீட்டரும் ஒதுக்குவது நம் ஊரில் வழக்கம். இரண்டு தூண்களுக்கு இடையே மூன்று கார்கள் நிற்க 7.5 மீட்டர் வேண்டும். தூணின் அகலமாக அரை மீட்டரைச் சேர்த்தால், ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்த தூணின் மையம் வரை 8 மீட்டர் ஆகிறது. எட்டுக்கு எட்டு மீட்டர் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு எல்.இ.டி. குழல்விளக்கு, தரையிலிருந்து 2.6 மீட்டர் உயரத்தில், 2,000 லூமன் ஒளியைக் கீழ்நோக்கி மட்டும் வீசுவதாக வைத்துக்கொள்வோம். மின்கட்டணத்துக்கு அஞ்சி ஒன்றுவிட்டு ஒன்றாக விளக்குகளை அணைத்து வைத்திருக்கும் அடுக்ககங்களில் இப்படிப்பட்ட நிலைதான் இருக்கும்.

விளக்கின் நேர்கீழே தரையில் விழும் ஒளி சுமார் 100 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 100 லூமன். இரண்டு விளக்குகளுக்கு நடுவே, அதாவது ஒவ்வொன்றிலிருந்தும் 4 மீட்டர் தள்ளியுள்ள இடத்தில், அருகிலும் தொலைவிலும் உள்ள விளக்குகள் எல்லாம் சேர்ந்து தருவது சுமார் 20 லக்ஸ் மட்டுமே. தொலைவு கூடும்போது ஒளி பரவி மெலிவது ஒரு காரணம். சாய்ந்து விழும் கதிர் அதிகப் பரப்பில் பரவுவது இன்னொரு காரணம். இந்த ஐந்து மடங்கு ஏற்ற இறக்கத்தையே கண் ‘வெளிச்சம் குறைந்த இடம்’ என்று உணர்கிறது. ஐரோப்பியத் தரநிலை நிறுத்துமிடத்துக்குப் பரிந்துரைக்கும் சராசரி 75 லக்ஸ். நமது கூடத்தின் சராசரி 31 லக்ஸ்தான்.

இனித் திரும்பும் ஒளிக்கு வருவோம். வண்ணம் பூசாத கான்கிரீட் தரை தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று கொண்டால், கூரைக்குச் சராசரியாக 9 லக்ஸ் போய்ச் சேரும். கூரையும் வெறும் கான்கிரீட்டாக இருந்தால் அது 35 சதவீதத்தைக் கீழே அனுப்பும். ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சுகிறது. இரண்டாவது சுற்றில் நூறில் ஒரு பங்கு. ஆகவே எத்தனை சுற்று நடந்தாலும் தரைக்குக் கூடுதலாகக் கிடைப்பது 4 லக்ஸ் அளவே. பளிச்சென்ற இடம் 104 ஆகவும் மங்கிய இடம் 24 ஆகவும் மாறுவதால், நான்கு மடங்குக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு நிலைத்து நிற்கிறது.

வரைகலைஞர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான். தரையும் கூரையும் ‘வெள்ளையாக’ இருக்கட்டும் என்று எதிரொளிப்பு அளவை இரண்டுக்கும் 80 சதவீதம் என்று அமைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் 64 சதவீத ஒளி பிழைத்துக்கொள்ளும். அந்தத் தொடரைக் கூட்டினால் கூடம் முழுவதற்கும் ஏறத்தாழ 56 லக்ஸ் கூடுதலாகக் கிடைக்கும். பளிச்சிடும் இடம் 156, மங்கிய இடம் 76 என்று ஆகி, வேறுபாடு இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும். விளக்குகளின் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. ஆனால் படம் ஏதோ பனி படர்ந்த கூடத்தைக் காட்டுகிறது. அப்போது பலர் விளக்கின் திறனைக் குறைக்கிறார்கள். அதனால் படம் முழுவதும் இருளுமே தவிர, வேறுபாடு அதே இரண்டு மடங்காகவே இருக்கும். மாற்ற வேண்டியது எதிரொளிப்பு அளவை. புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைச் சாயமே 80 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும் என்பதால், தேய்ந்து தூசி படிந்த தரைக்கு அந்த எண்ணைக் கொடுப்பதற்கு நியாயமே இல்லை.

பரப்புகளுக்கு இடையே ஒளி மாறி மாறிப் பயணிப்பதைக் கணினியில் கணக்கிடும் வழியை கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 1984-இல் வெளியிட்டனர். 1986-இல் ஜேம்ஸ் கஜியா, ஒரு புள்ளியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி முழுவதையும் ஒரே சமன்பாட்டில் எழுதி, அதைத் தீர்க்கப் ‘பாத் டிரேசிங்’ என்னும் முறையையும் அதே கட்டுரையில் கொடுத்தார். படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கதிர்களைக் காட்சிக்குள் அனுப்பி, மோதும் இடத்திலெல்லாம் தற்செயலான திசையில் திருப்பி, அவை விளக்கை எட்டுகின்றனவா என்று பார்த்துச் சராசரி எடுப்பதே அதன் சாரம். மேலே நாம் கூட்டிய தொடரை அது கதிர் கதிராகக் கூட்டுகிறது.

கூரைக் குழாய்கள் இந்தக் கணக்கின் நுட்பமான சோதனை. விளக்கு குழாய்களுக்குக் கீழே தொங்கினால், தீயணைப்புத் தண்ணீர் செல்லும் சிவப்புக் குழாயும் கழிவுநீர்க் குழாயும் கேபிள் டிரேயும் தரையிலிருந்து எழும்பும் ஒளியை மட்டுமே பெறும். அடிப்பகுதி வெளுத்தும் மேற்பகுதி கறுத்தும் இருக்கும். சில கட்டடங்களில் விளக்கைக் கூரையிலேயே பொருத்தி, அதற்கு 40 செ.மீ. கீழே குழாயை ஓட்டியிருப்பார்கள். அப்போது நிழல் எப்படி விழும் என்பது குழாய் ஓடும் திசையைப் பொறுத்தது. 10 செ.மீ. தடிமனுள்ள குழாய் 1.2 மீட்டர் நீள விளக்குக்கு நேர்கீழே இணையாக ஓடினால், விளக்கின் அகலம் சில செ.மீ. மட்டுமே என்பதால் அது முழுவதும் மறைபட்டு, தரையில் ஏறக்குறைய அரை மீட்டர் அகலமான கருநிழற்பட்டை விழும். அதே குழாய் விளக்குக்குக் குறுக்கே ஓடினால், தரையின் எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் விளக்கின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மறையாது. அந்தச் சிறு குறைவும் பல மீட்டருக்குப் பரவிக் கரைந்துவிடும். விளக்கை ஒரு புள்ளியாக வைத்து வரைந்த படத்தில் இரண்டு குழாய்களுக்கும் ஒரே மாதிரி கூரிய நிழல் விழுந்திருக்கும். போலிப் படத்தைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

தூணில் பூசிய வண்ணம் தரைக்குக் கசிவதும் அளவோடு இருக்க வேண்டும். தூணின் கீழ்ப்பகுதியில் 1.2 மீட்டர் உயரத்துக்குச் சிவப்பு பூசியிருந்தால், அதன் அடியை ஒட்டிய தரைப்புள்ளியின் பார்வைவெளியில் ஏறக்குறைய பாதியை அந்தச் சிவப்பே நிறைக்கும். ஒரு மீட்டர் தள்ளிப் போனால் அது சுமார் 5 சதவீதமாகக் குறையும். ஆகவே செம்மை தூணின் காலடியில் மட்டும் தெரிந்து விரைவாக மறைய வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒளியே விழாவிட்டால் அதுவும் கிடையாது. நிறக்கசிவு அழகாக இருக்கிறது என்று அதைக் கூட்டிக் காட்டுவது ஆர்வமுள்ளவர்களின் பழக்கம். கட்டடத்தில் அப்படி நடப்பதில்லை.

தரைக்கு இன்னொரு குணமும் உண்டு. வழவழப்பான எபாக்ஸி பூசிய தரையை நேராகக் குனிந்து பார்த்தால், மேற்பரப்பு கண்ணாடிபோல் பிரதிபலிப்பது ஒளியில் 4 சதவீதம்தான். பார்வை சாயச் சாய இந்த அளவு ஏறும். பிரெனெல் கண்டறிந்த இந்த விதியை வரைகலையில் ஷ்லிக் 1994-இல் தந்த சுருக்க வாய்பாட்டால் கணக்கிடுகிறார்கள். கண்ணின் உயரம் 1.6 மீட்டர் என்று வைத்தால், 2 மீட்டருக்கு அப்பாலுள்ள தரையில் பிரதிபலிப்பு 5 சதவீதத்துக்குள் இருக்கும். 10 மீட்டரில் அது சுமார் 45 சதவீதம். 20 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. தரை சொரசொரப்பாக இருந்தால் இவை குறையும், பிம்பமும் சிதறும். ஆனால் போக்கு ஒன்றுதான்: அருகிலுள்ள தரை தன் நிறத்தைக் காட்டுகிறது, தொலைவிலுள்ள தரை கூரையையும் விளக்குகளையும் காட்டுகிறது. அதனால்தான் காலடியில் பளிச்சென்று தெரியும் வெள்ளைக் கோடு தொலைவில் மங்கிப்போய், விளக்குகளின் பிம்பம் நம்மை நோக்கி நீளும் கோடுகளாக இழுபடுகிறது. தூசி படிந்த இடத்தில் அந்த இழுப்பு அறுபடும். டயர் ஓடித் தேய்ந்த தடத்தில் அது வேறுவிதமாக மினுங்கும். ஆகவே அழுக்கைத் தரையின் நிறத்தில் மட்டும் வரைந்தால் போதாது. வழவழப்பின் அளவிலும் அதை வரைய வேண்டும்.

அந்த அழுக்குக்கும் காரணம் இருக்க வேண்டும். கார் நிறுத்தும் கட்டங்களின் கோடுகள் ஓட்டுநர் வண்டியைத் திருப்பும் வாய்ப்பகுதியில் தேயும். சுவரை ஒட்டிய முனையில் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும். எண்ணெய்ச் சொட்டு எஞ்சின் நிற்கும் இடத்தில் விழும். எல்லோரும் பின்பக்கமாக நுழைத்து நிறுத்தும் கூடத்தில் அந்தக் கறை கட்டத்தின் வாயருகே இருக்கும். தூணின் கீறல்கள் பம்பர் உயரத்தில் இருக்கும், கண் உயரத்தில் அல்ல.

பாத் டிரேசிங்குக்கும் இந்தக் கூடத்தில் ஒரு வரம்பு உண்டு. குழாய்களுக்கு மேலுள்ள இடுக்கிலிருந்து புறப்படும் கதிர்களில் மிகச் சிலவே வெளிச்சமான தரையை எட்டுவதால், அங்கே சராசரி நிலைகொள்ளாமல் படம் மணல்மணலாகத் தெரியும். அந்த மணலைப் பாதியாகக் குறைக்கக் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும்; கால் பங்காக்கப் பதினாறு மடங்கு. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதபோது, இரைச்சல் எனப்படும் இந்த மணலை நீக்கும் நிரலை ஓட்டுகிறார்கள். அது அருகருகே உள்ள புள்ளிகளைக் கலந்து மென்மையாக்குவதால், குழாயைத் தாங்கும் மெல்லிய கம்பிகளும் ஸ்பிரிங்க்ளர் முனைகளும் கூரையோடு குழைந்துபோகலாம். இதைச் சரிபார்க்க, இருண்ட கூரைப் பகுதியை மட்டும் தனியே வெட்டியெடுத்து அதன் ஒளிர்வைப் பல மடங்கு உயர்த்திப் பார்க்கலாம். கம்பிகள் முழு நீளத்துக்கும் விளிம்போடு தெரிந்தால் கதிர்கள் போதும். நடுவே அறுந்து புகையாகக் கலைந்திருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் கதிர்களைக் கூட்டி மீண்டும் ஓட்ட வேண்டும்.