ஏறும் ‘நாளை’, இறங்கும் ‘நாளை’

ஹாங்காங்கில் பேசப்படும் கான்டனீஸ் மொழியில் ‘தோங்’ என்பதை உயர்ந்த குரலில் சொன்னால் சூப். தாழ்ந்த குரலில் சொன்னால் சர்க்கரை. இப்படிச் சொல்லின் பொருளையே மாற்றும் ஆறு தொனிகள் அந்த மொழியில் இருக்கின்றன. அப்படியானால் பாட்டில் என்ன செய்வார்கள்? அங்கே குரல் ஏறுவதையும் இறங்குவதையும் மெட்டுதானே முடிவு செய்கிறது?

அங்கும் திரையிசையிலும் பாப் இசையிலும் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும். நம் பாடலாசிரியர்கள் தத்தகாரத்தைக் கேட்டு, குறில் நெடில் பார்த்துச் சொல் போடுவார்கள். கான்டனீஸில் எழுதுபவர்கள் பார்ப்பது உயரத்தை. அதற்கு அவர்களிடம் ஓர் அழகான உத்தி உண்டு: 0, 2, 4, 3 என்ற எண்கள். கான்டனீஸில் இவற்றின் பெயர்கள் லிங், யீ, செய், சாம். இந்த வரிசையில் சொன்னாலே குரல் படிப்படியாக மேலே ஏறும். ஆகவே மெட்டை எண்களாகவே பாடிப் பார்க்கிறார்கள். எந்த எண் இயல்பாகப் பொருந்துகிறதோ, அந்த உயரத்துச் சொல்தான் அங்கே வரலாம். தாழ்விலிருந்து மேலேறும் தொனிகளும் இந்த நான்கு உயரங்களுக்குள்ளேயே அடங்கிவிடும். அவை எந்த உயரத்தில் முடிகின்றன என்பதுதான் கணக்கு.

‘நாளை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்துநடையில் அது ‘மிங் தின்’. முதல் அசை மிகத் தாழ்வு, அடுத்தது உச்சம், அதாவது 0-3. மெட்டு ‘ஸ ப’ என்று ஏறும் இடத்தில் கச்சிதமாக உட்காரும். அதே இடத்தில் மெட்டு ‘ப ஸ’ என்று இறங்கினால் இந்தச் சொல் உதவாது. ஆனால் பேச்சுவழக்கில் நாளைக்கு ‘திங் யட்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அது 3-2, மேலிருந்து இறங்குவது. அதைப் போட்டால் மெட்டு சரியாகிவிடும், ஆனால் வரியின் நடை சட்டென்று வீட்டுப்பேச்சாக மாறிவிடும். கவிஞர் உண்மையில் திண்டாடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

சுரங்களுக்கு இடையிலான தூரம் பேச்சில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்றமா, இறக்கமா என்ற திசை பொருந்தினால் போதும். பேச்சிலும் ஆளுக்கு ஆள் குரல் மாறுவதால், முந்தைய அசையோடு ஒப்பிட்டுத்தானே காது தொனியைக் கண்டுகொள்கிறது.

திசை தவறினால் உடனே தெரிந்துவிடும். மேற்கத்திய மெட்டுகளில் அப்படியே மொழிபெயர்த்துப் பாடப்பட்ட கிறித்தவப் பாடல்களில் இந்தச் சிக்கல் பேர்போனது. ‘ஆண்டவர்’ என்ற பொருளில் வரும் ‘ஜூ’ கீழிருந்து மேலேறும் தொனி. அதை உச்ச சுரத்தில் நேராக நீட்டிப் பாடினால் ‘பன்றி’ என்று காதில் விழும். தேர்ந்த பாடகர்கள் அந்த இடத்தில் சற்றுக் கீழே தொட்டு, சுரத்துக்கு வழுக்கி ஏறுவார்கள். அந்தச் சிறு வழுக்கலே பொருளைக் காப்பாற்றிவிடும்.

சீனத்தின் பொதுமொழியான மாண்டரினிலும் நான்கு தொனிகள் உண்டு. ஆனால் அதன் பாப் பாடல்கள் தொனியைப் பெரும்பாலும் மெட்டுக்கு விட்டுக்கொடுத்துவிடுகின்றன, கேட்பவர்கள் இடம் பார்த்துப் பொருள் கொள்கிறார்கள். கான்டனீஸ் காது அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் முதல் சரணத்தின் மெட்டே இரண்டாவதற்கும் வரும்போது, புதிய வரியின் ஒவ்வோர் அசையையும் அதே எண்வரிசைக்குள் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.