பிறந்த குழந்தையின் மூச்சை ஏன் முழு நிமிடம் எண்ண வேண்டும்?

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்றால் முதல் வாரத்தில் ஆஷா பணியாளர் 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் வீட்டுக்கு வருவார், வீட்டிலேயே பிறந்தது என்றால் முதல் நாளும் வருவார். பார்க்க வேண்டியவை நிறைய, ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கையை சோப்புப் போட்டுக் கழுவியதும் நேரே தராசை எடுக்கக் கூடாது. எடை பார்க்கத் துணியைக் கழற்றினால் குழந்தை அழும், அழுத பிறகு மூச்சு எண்ணினால் கணக்கு தப்பும். அதனால் தூங்கும்போதோ அமைதியாகக் கிடக்கும்போதோ சட்டையை லேசாகத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து எண்ண வேண்டும். முழுசாக ஒரு நிமிடம்.

பெரியவர்களுக்குச் செய்வதுபோல் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் என்ன? பச்சிளங்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்னும் முதிராததால் சில விநாடி வேகமாக விடும், அப்புறம் ஐந்து பத்து விநாடி சும்மா இருக்கும், மறுபடி விடும். வேகமான 15 விநாடியில் 20 எண்ணினால் 80 என்று வந்து வீட்டையே பதற வைக்கும். மெதுவான நேரத்தில் எண்ணினாலோ நிஜமான நிமோனியாவே கண்ணில் படாமல் போய்விடும்.

ஒரு 3-ஆம் நாள் வருகையை எடுத்துக்கொள்வோம். முதல் எண்ணிக்கை 64. அறுபதோ அதற்கு மேலோ வந்தால் இன்னொரு முறை எண்ண வேண்டும், இரண்டாவதும் அப்படியே இருந்தால்தான் வேகமான மூச்சு. இங்கே இரண்டாவது 52, மார்புக்கூடு ஆழமாக உள்ளே இழுக்கவில்லை. சரி, மூச்சில் பிரச்சினை இல்லை.

அடுத்து அக்குளில் தெர்மாமீட்டர், 36.2 டிகிரி செல்சியஸ். இருக்க வேண்டியது 36.5 முதல் 37.5 வரை. பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. குல்லாய் போட்டு, தாயின் வெறும் மார்போடு அணைத்துப் படுக்க வைத்து, மேலே போர்வை மூடி, பால் கொடுக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறிவிட்டால் வெறும் குளிர்தான். ஏறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் இந்த வயதில் கிருமித் தொற்று வந்தால் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு குளிர்ந்து போவதும் உண்டு. பாட்டிமார்கள் உடம்பு சுடுகிறதா என்றுதான் தொட்டுப் பார்ப்பார்கள், ஜில்லிட்டுக் கிடந்தால் சமர்த்தாகத் தூங்குகிறது என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் நேரம் போகிறது.

எடை கடைசியில். பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 2.6. முதல் சில நாளில் பத்து சதவீதம் வரை குறைவது வழக்கம், இது ஏழுதான். ஆனாலும் பால் குடிப்பதைக் கிளம்புவதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். "குடிக்குது" என்ற பதில் போதாது. நேற்று வரை நன்றாகக் குடித்த குழந்தை இன்று மார்பில் வைத்தும் வாய் திறக்காமல் துவண்டு கிடந்தால், மூச்சும் சூடும் சரியாகவே இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும், போகும் வழியிலும் குழந்தை தாயின் மார்போடு ஒட்டியே இருக்கட்டும்.